மாதிரித் தேர்வுச் சந்தாவில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: வங்கி எழுத்தர் பணிக்கான ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. நான் பார்த்த செயலியில் மூன்று திட்டங்கள் உள்ளன. இலவசத்தில் 2 மாக் டெஸ்ட், ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் எழுதலாம், மதிப்பெண்ணும் ரேங்கும் மட்டும் காட்டும். நடுத் திட்டத்தில் 25 மாக், தலா இரண்டு முறை, பகுதிவாரி அலசல், விடை விளக்கம். மேல் திட்டத்தில் எதற்கும் வரம்பு இல்லை. கேள்விவாரி நேரம், தலைப்புவாரி பலம் பலவீனம், டாப்பருடன் ஒப்பீடு எல்லாம் உண்டு, ஆனால் விலை மூன்று மடங்கு. எதை வாங்குவது? ஒரே டெஸ்டைத் திரும்பத் திரும்ப எழுதுவது அவசியமா?

பதில்:

உங்கள் நிலையில் நடுத் திட்டம் போதும். இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. எழுதி முடித்த தேர்வின் முழு வினாத்தாளும் விடை விளக்கமும் சந்தா முடியும் வரை திறந்திருக்க வேண்டும். தேர்வு நடக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் மீதமுள்ள நேரம் திரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். மேல் திட்டம் தரும் வசதிகளில் உண்மையாகவே விலைமதிப்புள்ளது கேள்விவாரி நேரக்கணக்கு ஒன்றுதான். அதிலும் பெரும்பகுதியை ரஃப் ஷீட்டில் நீங்களே எழுதிக்கொள்ள முடியும் என்பதைக் கீழே ஒரு முடிவை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில், இந்த வரம்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு மாக் டெஸ்டைத் தயாரிக்கப் பணம் செலவாகிறது. கேள்வி எழுதுபவர், சரிபார்ப்பவர், விளக்கம் எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் என்று பலர் அதில் உழைக்கிறார்கள். ஆகவே தேர்வுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை கூடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தயாரான தேர்வை நீங்கள் ஒரு முறை எழுதினாலும் ஐந்து முறை எழுதினாலும் நிறுவனத்துக்கு ஏறக்குறைய ஒரே செலவுதான். எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்புக்கு ஓரளவு காரணம், கேள்விகளை ஏற்கெனவே பார்த்தவர்கள் ரேங்க் பட்டியலைக் குலைத்துவிடக் கூடாது என்பது. மீதிக் காரணம், மேல் திட்டத்தை வாங்க வைப்பதற்கு ஒரு வேலி வேண்டும் என்பது. அலசலும் அப்படியே. எந்தக் கேள்வியை எத்தனை நொடி திறந்து வைத்திருந்தீர்கள் என்ற பதிவு பெரும்பாலும் எல்லாருக்கும் சேகரிக்கப்படுகிறது; காட்டுவதா மறைப்பதா என்பதில்தான் திட்டங்கள் வேறுபடுகின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் விலை உயர்ந்த திட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு வசதி உங்களுக்கு அதிகம் பயன்படும் என்று எண்ணிவிட வேண்டாம்.

எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸ் 100 கேள்விகள், 60 நிமிடம்: ஆங்கிலம் 30, கணிதம் 35, ரீசனிங் 35, ஒவ்வொன்றுக்கும் தனியாக 20 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பு. எழுதுவதற்கு ஒரு மணி நேரம்தான். ஆனால் தவறிய கேள்விகளையும், விட்டுவிட்ட கேள்விகளையும், சரியாகப் போட்டும் அதிக நேரம் தின்ற கேள்விகளையும் உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்க்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். அதைச் செய்யாமல் அடுத்த மாக்குக்குப் போகிறவர்கள், அதே மதிப்பெண்ணை வேறு வேறு தாள்களில் திரும்பத் திரும்ப வாங்குவதைத்தான் பார்த்து வருகிறேன். உங்கள் ஒன்பது வாரத்தில் முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒன்று, அடுத்த ஐந்து வாரம் வாரத்துக்கு மூன்று, கடைசி இரண்டு வாரம் வாரத்துக்கு நான்கு என்று வைத்தால் மொத்தம் 25 வருகிறது. பாடங்களைப் படிக்கவும் நேரம் வேண்டும் என்பதால், வேறு வேலை இல்லாதவருக்கே இதைவிட அதிகம் செரிக்காது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவராக இருந்தால் 15-ஐத் தாண்டுவதே கடினம். ‘வரம்பில்லாமல்’ என்ற சொல்லுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், பிரிலிம்ஸைப் பொறுத்தவரை, நீங்கள் திறக்கவே போகாத தேர்வுகளுக்குப் போகிறது.

விளம்பரத்தில் வரும் எண்ணிக்கையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நூற்றுக்கணக்கான தேர்வுகள் என்று போட்டிருந்தால் அதற்குள் பத்து நிமிடத் தலைப்புத் தேர்வுகள், தனிப் பகுதித் தேர்வுகள், நடப்பு நிகழ்வு வினாடி வினாக்கள், வேறு தேர்வுகளுக்கான மாக்குகள் எல்லாம் கலந்திருக்கும். கிராம வங்கிகளுக்கான ஆர்ஆர்பி அலுவலக உதவியாளர் பிரிலிம்ஸ் மாக் உங்களுக்குப் பாதிதான் பயன்படும். அது ஆங்கிலப் பகுதியே இல்லாத 80 கேள்வித் தாள், 45 நிமிடம். உங்கள் தேர்வின் கடினமே மூன்று பகுதிகளும் தலா 20 நிமிடத்தில் மூடிக்கொள்வதில்தான் இருக்கிறது என்பதால், அந்தப் பழக்கத்தை ஆர்ஆர்பி தாள் அப்படியே தராது. ஆகவே பட்டியலைத் திறந்து, உங்கள் தேர்வின் பெயரில் உள்ள முழு நீளத் தாள்களை மட்டும் எண்ணுங்கள். ‘முந்தைய ஆண்டு வினாத்தாள்’ என்ற தலைப்பில் இருப்பவற்றைப் பற்றியும் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி தன் வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் தானே வெளியிடுகிறது. ஐபிபிஎஸ் அப்படி வெளியிடுவதில்லை. வங்கித் தேர்வுச் செயலிகளில் காண்பவை தேர்வு எழுதி வந்தவர்களின் நினைவிலிருந்து திரட்டிச் சீரமைத்தவை. கேள்வி வகைகளையும் கடினத்தையும் அறிய அவை மிகவும் உதவும். ஆனால் அவை அசல் வினாத்தாள்கள் அல்ல. அவற்றைத் தனி விலைக்கு விற்கும் திட்டத்துக்கு மயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, ஒரே தேர்வை மறுமுறை எழுதுவது. மறுமுறையில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்குப் பொருள் மிகக் குறைவு. விளக்கத்தைப் படித்துவிட்டு மூன்றே நாளில் அதே தாளை எழுதினால் 54 வாங்கியவர் 75 வாங்குவார். அந்த 21 மதிப்பெண்ணில் எவ்வளவு திறமை, எவ்வளவு நினைவு என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆங்கிலத்தில் சொல் நிரப்புதல், பிழை கண்டறிதல் ஆகியவற்றின் விடை மனத்தில் தங்கிவிடும்; சுருக்கல் கணக்குகளில்கூட விடைத் தெரிவுகளைப் பார்த்தவுடன் விடை நினைவுக்கு வரும். பல தளங்கள் முதல் முயற்சியை மட்டுமே ரேங்கில் சேர்ப்பதும் இதனால்தான். எல்லா முயற்சிகளையும் சேர்க்கும் தளமாக இருந்தால் அந்த ரேங்கை நம்ப வேண்டாம்; ‘டாப்பர் இந்தக் கேள்வியை 12 நொடியில் முடித்தார்’ என்ற ஒப்பீட்டையும் அதே ஐயத்தோடு பாருங்கள், அந்தப் 12 நொடி கேள்வியை முன்பே பார்த்தவருடையதாக இருக்கலாம்.

மறுமுறை எழுதுவதில் பயன் இருக்கும் இடம் ஒன்றுதான்: ரீசனிங் பகுதியில் வரும் இருக்கை அமைப்பு, மாடி, பெட்டி அடுக்கு போன்ற புதிர்கள். அங்கே கற்க வேண்டியது விடையை அல்ல, எந்தக் குறிப்பிலிருந்து தொடங்கி எந்த வரிசையில் கட்டங்களை நிரப்புவது என்பதை. மூன்று வாரம் கழித்து அதே புதிரை எடுத்தால் பெயர்கள் மறந்திருக்கும், தொடங்கும் வழி மட்டும் கையில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆனால் இதற்கு முழுத் தேர்வையும் மறுபடி திறக்க வேண்டியதில்லை. விடை விளக்கப் பக்கத்தில் கேள்வி தெரிந்தால் போதும். விடையை மறைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தை வைத்துத் தாளில் போடலாம். நான் முதலில் சொன்ன நிபந்தனை இதற்காகத்தான். சில திட்டங்களில் தவறிய கேள்விகளுக்கு மட்டும் விளக்கம் திறக்கும். சிலவற்றில் சில நாட்களில் வினாத்தாள் மூடப்படும். அப்படிப்பட்ட தளத்தில் ‘தலா இரண்டு முறை’ என்பதுகூடப் போதாது. முழுத் தாளும் திறந்திருக்கும் தளத்திலோ ஒரு முறையே போதுமானது.

முயற்சி வரம்பில் வேறொரு சிக்கல் உண்டு. வாங்குவதற்கு முன் பலரும் இதைப் பார்ப்பதில்லை. முயற்சி எப்போது கணக்கில் ஏறுகிறது? தொடங்கு பொத்தானை அழுத்தியவுடனா, சமர்ப்பித்த பிறகா? நடுவில் இணையம் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, அல்லது கடிகாரம் அவர்களுடைய சர்வரில் ஓடிக்கொண்டே இருந்து தேர்வைத் தானாகச் சமர்ப்பித்துவிடுமா? ஒரே ஒரு முயற்சி தரும் திட்டத்தில் இப்படி ஒரு தேர்வு பாழானால் திரும்பக் கிடைக்காது. இலவசத் தேர்வில் ஒன்றைத் தொடங்கி, இரண்டு நிமிடம் கழித்து இணைப்பைத் துண்டித்து, மறுபடி நுழைந்து பாருங்கள், விடை கிடைத்துவிடும். இலவசத் தேர்வு இரண்டுதான் என்றாலும் அதில் ஒன்றை இந்தச் சோதனைக்குச் செலவிடுவது வீண் அல்ல. விடுதி அறையில் இருவர் சேர்ந்து ஒரு கணக்கு வாங்கும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் முதலில் எழுதிவிட்டால் உங்கள் முயற்சி போய்விடும். இரண்டு முயற்சித் திட்டத்தில் ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொண்டாலும், அலசல் பக்கத்தில் இருவர் செய்ததும் கலந்து யாருக்கும் பயன்படாத சராசரியாகிவிடும்.

இனி அலசலின் ஆழம். இதை ஒரு முடிவை வைத்துப் பார்ப்பதே நல்லது. ஒருவர் ஒரு மாக்கில் வாங்கியதாக வைத்துக்கொள்வோம்: ஆங்கிலத்தில் 24 எழுதி 17 சரி, 7 தவறு, ஆகவே 15.25. ரீசனிங்கில் 28 எழுதி 25 சரி, 3 தவறு, ஆகவே 24.25. கணிதத்தில் 22 எழுதி 16 சரி, 6 தவறு, ஆகவே 14.50. மொத்தம் 54.

இலவசத் திட்டம் இவருக்கு 54 என்றும், ஒரு ரேங்க் என்றும் சொல்லி நிறுத்திவிடும். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. நடுத் திட்டம் மேலே உள்ள பகுதிவாரி எண்களைத் தரும். துல்லியம் ஆங்கிலத்தில் 71 சதவீதம், கணிதத்தில் 73, ரீசனிங்கில் 89 என்று காட்டும். இதைப் பார்ப்பவர், கணிதத்தில் கவனக்குறைவு அதிகம், நிதானமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்வார். இயல்பான முடிவுதான், ஆனால் தவறு. எங்கே நேரம் போனது என்பதைப் பார்த்தால் அது விளங்கும்.

கணிதத்தின் 1,200 நொடிகள் இப்படிச் செலவாகியிருக்கின்றன. சுருக்கல் கணக்குகள் 10. பத்தையும் எழுதி 9 சரி, 350 நொடி. எண் தொடர் 5. மூன்றை எழுதி 1 சரி, 2 தவறு, மீதி இரண்டைத் திறந்து பார்த்து விட்டுவிட்டார், 270 நொடி. இருபடிச் சமன்பாடு 5. ஐந்தையும் எழுதி 4 சரி, 190 நொடி. வாக்கியக் கணக்குகள் 10. நான்கை எழுதி 2 சரி, 2 தவறு, மூன்றைப் பாதி போட்டுக் கைவிட்டார், 390 நொடி. அத்துடன் நேரம் முடிந்தது. பகுதியின் கடைசியில் இருந்த, அட்டவணைத் தரவுகளை வைத்துக் கேட்கும் டி.ஐ. தொகுப்பின் ஐந்து கேள்விகளையும் இவர் திறக்கவே இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். சுருக்கலும் சமன்பாடும் சேர்ந்து 540 நொடியில் 13 சரி, 2 தவறு, அதாவது 12.50 மதிப்பெண் தந்திருக்கின்றன. எண் தொடரும் வாக்கியக் கணக்கும் சேர்ந்து 660 நொடியை, அதாவது பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொண்டு 3 சரி, 4 தவறு, வெறும் 2 மதிப்பெண் தந்திருக்கின்றன. டி.ஐ. தொகுப்புக்கு அதிலிருந்து 200 நொடியை ஒதுக்கியிருந்தால், கணக்கு எளிதாக இருக்கும் கிளார்க் நிலையில், மூன்று நான்கு மதிப்பெண் கூடியிருக்கும். இவருக்கு வேண்டியது நிதானம் அன்று. எண் தொடரில் முப்பது நொடிக்குள் வழி பிடிபடாவிட்டால் நகர்ந்துவிடுவதும், வாக்கியக் கணக்குக்கு முன் டி.ஐ.யைத் தொடுவதும்தான். துல்லியத்தை மட்டும் பார்த்து நிதானமாகப் போட்டிருந்தால் அடுத்த தேர்வில் இன்னும் குறைந்திருப்பார்.

மேல் திட்டம் இதைத்தான் விற்கிறது; நல்ல சரக்குதான். ஆனால் பணம் கொடுக்காமலும் இதன் பெரும்பகுதியைப் பெறலாம். கணிதப் பகுதியில் ஒரு வகைக் கேள்வியிலிருந்து அடுத்த வகைக்கு மாறும்போதெல்லாம், திரையில் தெரியும் மீதி நேரத்தை ரஃப் ஷீட்டின் ஓரத்தில் எழுதுங்கள். மேலே சொன்னவர் எழுதியிருந்தால் 14.10, 9.40, 6.30, 0 என்று நான்கு எண்கள் இருந்திருக்கும். கழித்துப் பார்த்தால் 350, 270, 190, 390 நொடி வந்துவிடுகிறது. திறந்துவிட்டுக் கைவிட்ட கேள்வியின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அந்தக் கணக்கும் கிடைத்துவிடும். ஒவ்வொரு முறை எழுதவும் இரண்டு நொடி ஆகும், அவ்வளவே. ரீசனிங்கில் ஒவ்வொரு புதிரின் தொடக்கத்திலும் முடிவிலும் இதையே செய்யலாம். ஆங்கிலத்தில் வாசிப்புப் பத்திக்கு முன்னும் பின்னும் எழுதினால் போதும். அசல் தேர்விலும் ரஃப் ஷீட் தருவார்கள் என்பதால், இந்தப் பழக்கம் தேர்வு நாளில் நேரத்தைக் கண்காணிக்கவும் உதவும். செயலியின் வரைபடம் தேர்வு முடிந்த பிறகுதான் பேசும்.

கேள்விவாரி நேரத்தைப் பணம் கொடுத்து வாங்கினாலும் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து கேள்விப் புதிரில் முழுக் கட்டத்தையும் வரையும் நேரம் முதல் கேள்வியின் கணக்கில் ஏறிவிடும். அது 250 நொடி என்றும் மற்ற நான்கும் தலா 15 நொடி என்றும் காட்டும். முதல் கேள்வியில் தாமதம் என்று சிவப்பில் எச்சரிக்கை வரும். அதில் பொருள் இல்லை. ஐந்தையும் கூட்டி 310 நொடிக்கு ஐந்து மதிப்பெண் என்று தொகுப்பாகவே பார்க்க வேண்டும். டி.ஐ.க்கும் வாசிப்புப் பத்திக்கும் இதே கதைதான். கைபேசியில் எழுதிய தேர்வின் நேரக்கணக்கும் கணினியில் எழுதியதும் ஒன்றல்ல. அசல் தேர்வு கணினியில், மவுஸ் வைத்து எழுதுவது என்பதால், முடிந்தவரை கணினியில் எழுதிய தேர்வுகளின் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

தலைப்புவாரி பலம் பலவீனம் என்ற பக்கத்தைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. ஒரு மாக்கில் இரத்த உறவு பற்றி ஒன்று அல்லது இரண்டு கேள்வி வரும். ஒன்று வந்து அதில் தவறினால் ‘இரத்த உறவு: 0 சதவீதம், பலவீனம்’ என்று செயலி சொல்லும், அடுத்த தேர்வில் சரியாகப் போட்டால் 50 ஆகும். இவை முடிவெடுக்கத் தகுந்த எண்கள் அல்ல. குறைந்தது எட்டுப் பத்து மாக்குகளின் கேள்விகள் சேர்ந்த பிறகே ஒரு தலைப்பைப் பற்றி எதையும் சொல்ல முடியும். ஐந்தே மாக் கொடுத்துவிட்டு ஆழமான தலைப்பு அலசல் உண்டு என்று விளம்பரப்படுத்தும் திட்டம், தரவே இல்லாமல் அறிக்கை தருகிறது. நேரக்கணக்கு அப்படியில்லை. மேலே பார்த்ததுபோல, ஒரே தேர்விலிருந்தும் ஏதாவது கற்றுக்கொள்ளலாம். ஆகவே எண்ணிக்கை குறைவான திட்டத்தில் நேரக்கணக்கு இருந்தால் அதற்கு மதிப்புண்டு. தலைப்பு அலசல் மட்டும் இருந்தால் இல்லை.

ரேங்க், பெர்சென்டைல், கட்-ஆஃப் கணிப்பு ஆகியவற்றுக்காகவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். 8,000 பேர் எழுதிய மாக்கில் உங்களுக்குக் கீழே 6,000 பேர் இருந்தால் 75 பெர்சென்டைல் என்று வரும். அந்த 8,000 பேரும் அந்தச் செயலியைத் தேடி வந்து, அந்த மாக்கை எழுத முன்வந்தவர்கள். அசல் தேர்வுக்கு வருகிறவர்களின் கலவை வேறு. போதாததற்கு, கிளார்க் தேர்வில் கட்-ஆஃப் மாநிலவாரியானது. தமிழ்நாட்டுக் காலியிடங்களுக்கு விண்ணப்பிக்கும் நீங்கள், தமிழ்நாட்டுக்கு விண்ணப்பித்தவர்களோடுதான் போட்டியிடுகிறீர்கள். செயலி காட்டுவதோ பெரும்பாலும் நாடு முழுவதுக்குமான ரேங்க். பல ஷிஃப்டுகளில் நடப்பதால் ஐபிபிஎஸ் மதிப்பெண்களைச் சமன்படுத்துகிறது. பகுதிவாரி கட்-ஆஃபும் உண்டு. மாக்கின் மொத்த மதிப்பெண்ணை வைத்து ‘தேர்ச்சி வாய்ப்பு 82 சதவீதம்’ என்று சொல்லும் எந்தப் பக்கமும் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. உங்களுக்கு உதவும் ஒப்பீடு எளியது: அதே மாக்கை எழுதியவர்களின் சராசரிக்கும் உங்கள் மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி, மாக்குக்கு மாக் கூடுகிறதா குறைகிறதா என்பது. கடினமான தாளில் 48 வாங்கிச் சராசரியைவிட 14 மேலே இருப்பது, எளிய தாளில் 66 வாங்கி 9 மேலே இருப்பதைவிட நல்லது. சராசரியை நடுத் திட்டத்திலேயே பல தளங்கள் காட்டிவிடுகின்றன.

அப்படியானால் மேல் திட்டம் யாருக்கு? ஓராண்டில் எஸ்பிஐ, ஐபிபிஎஸ், ஆர்ஆர்பி ஆகிய எல்லாத் தேர்வுகளுக்கும் விண்ணப்பித்து, வேறு வேலையின்றிப் படிப்பவருக்கு வரம்பற்ற எண்ணிக்கை பயன்படும், ஏனென்றால் அவர் தனித்தனியாக மூன்று நடுத் திட்டங்கள் வாங்க வேண்டியிருக்கும். பல மாக் எழுதியும் மதிப்பெண் ஒரே இடத்தில் நின்றுவிட்டவருக்கு, ரஃப் ஷீட் கணக்கு காட்டாத நுணுக்கத்தைக் கேள்விவாரி நேரம் காட்டக்கூடும்: சரியாகப் போட்ட கேள்விக்கே இரண்டு முறை திரும்பி வந்தது, குறித்து வைத்த கேள்வியைக் கடைசியில் மாற்றித் தவறாக்கியது போன்றவை. இரண்டாம் வகையினர் நடுத் திட்டத்தில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு மாக்குக்குப் பிறகு, தேவைப்பட்டால் வித்தியாசத் தொகையை மட்டும் கட்டி மேலே போவது நல்லது. அப்படி மாறும்போது பழைய தேர்வுகளின் நேரக்கணக்கும் திறக்குமா, இனி எழுதுபவற்றுக்கு மட்டுமா என்று வாடிக்கையாளர் உதவியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழையவை திறக்கும் என்றால் முதலில் குறைந்த திட்டத்தை வாங்குவதில் எந்த இழப்பும் இல்லை.

திட்டத்தை உறுதி செய்வதற்கு முன் மெயின்ஸ் பட்டியலையும் திறந்து பாருங்கள். கிளார்க் தேர்வில் பிரிலிம்ஸ் தகுதிக்கு மட்டும். அதன் மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது. நேர்காணலும் இல்லாததால் வேலையைத் தீர்மானிப்பது மெயின்ஸ் மதிப்பெண்தான். இருந்தும் பிரிலிம்ஸ் மாக்குகளை அள்ளி வைத்துவிட்டு மெயின்ஸுக்கு நான்கைந்து மட்டும் தரும் திட்டங்கள் உண்டு. மெயின்ஸ் தாள் தயாரிப்பது கடினம் என்பதும், பிரிலிம்ஸோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள் என்பதும் அதற்குக் காரணம். தேதியையும் பார்க்க வேண்டும். 2025 அறிவிப்பில் மெயின்ஸ் 190 கேள்வி, 160 நிமிடம் என்பதிலிருந்து 155 கேள்வி, 120 நிமிடம் என்று மாறியது. மொத்த மதிப்பெண் 200 அப்படியே இருக்கிறது. பட்டியலில் இன்னும் 190 கேள்வித் தாள்கள் இருந்தால் அவை பழைய சரக்கு; கேள்விகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நேரப் பயிற்சிக்கு உதவாது, எண்ணிக்கையிலும் சேர்க்கக் கூடாது. நீங்கள் சொன்ன 25-இல் எத்தனை பிரிலிம்ஸ், எத்தனை புதிய முறை மெயின்ஸ் என்று பார்த்து, மெயின்ஸ் எட்டுக்குக் குறைவாக இருந்தால் இந்தத் தளத்தில் மேல் திட்டத்துக்குப் போகாமல், பிரிலிம்ஸ் முடிந்த மறுநாள் வேறு தளத்தில் மெயின்ஸுக்கு மட்டுமான தொகுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.